எல்லையோரக் கிளினிக்கும் கூகுள் தேடலும்: குறிப்பில் என்ன எழுதலாம், ரிவ்யூவை எப்படிச் சேர்க்கலாம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பெரிய வைத்தியம் என்றால் கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு என்று வண்டி ஏறுகிறார்கள். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கும் பக்கத்துக் கிளினிக்தான். ஆனால் டாக்டர் இப்போது இருக்கிறாரா, எத்தனை மணி வரை பார்ப்பார் என்பதை இன்று முதலில் போனில்தான் பார்க்கிறார்கள். அங்கே கிளினிக் தெரியவில்லை என்றால், இரண்டு தெரு தள்ளி இருப்பவரே பொள்ளாச்சிக்குப் போய்விடுகிறார்.

இந்த ஊர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் ‘சித்தூர்’ என்று தட்டினால் ஆந்திராவின் சித்தூரும் அதே எழுத்தில் வந்து நிற்கும். கோபாலபுரம் என்றால் சென்னையின் கோபாலபுரம் முந்திக்கொள்ளும். மீனாட்சிபுரங்கள் தமிழ்நாட்டிலேயே பல இருக்கின்றன. தேடுபவர் அந்த ஊரிலேயே நின்று தேடினால் அவருடைய போன் இருக்கும் இடத்தை வைத்துக் கூகுள் சரியாகப் புரிந்துகொள்ளும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்காகத் தேடும்போதுதான் குழப்பம் வரும். இன்னொரு பக்கம், ஊர்ப் பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். `kozhinjampara doctor` என்பார் ஒருவர், `kolinjampara clinic` என்பார் இன்னொருவர், மூன்றாமவர் மைக்கை அழுத்தித் தமிழிலேயே கேட்பார். மலையாளத்தில் தேடுபவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடிய சொல்லுக்கு அந்த இடம் பொருந்துகிறதா, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், அந்த இடம் எவ்வளவு அறியப்பட்டது. இதில் தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. கொழிஞ்சாம்பாறைக் கிளினிக் கோவை காந்திபுரத்தில் நிற்பவருக்கு வராது, வர வேண்டிய தேவையும் இல்லை. அப்படி வரவைத்துத் தருகிறோம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை அந்த இடத்திலேயே அனுப்பிவிடலாம். நம் கையில் இருப்பது பொருத்தமும் அறிமுகமும்தான். கூகுளில் கிளினிக்கைப் பற்றி நாம் எழுதிவைக்கும் குறிப்பு முதலாவதோடும் ரிவ்யூ இரண்டாவதோடும் சேர்த்துப் பேசப்படுகின்றன. உண்மையில் அவை எப்படி வேலை செய்கின்றன என்பது பலர் நினைப்பதிலிருந்து கொஞ்சம் வேறு.

முதலில் குறிப்பு. தேடலிலும் மேப்பிலும் கிளினிக்கைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் அதற்கு ஒரு பெட்டி உண்டு, 750 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். இதற்குள் ‘பெஸ்ட் டாக்டர், சர்க்கரை ஸ்பெஷலிஸ்ட், அருகிலுள்ள கிளினிக்’ என்று தேடுசொற்களைத் திணித்தால் மேலே வந்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இந்த வேலையிலேயே ஊறியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வரிசையை அதிகம் அசைப்பது கிளினிக்கின் பெயரும், அது என்ன மாதிரி இடம் என்று ப்ரொஃபைலில் நாம் தேர்ந்தெடுக்கும் முதன்மை வகையும்தான். குறிப்பு, போனில் கிளினிக்கின் பெயரைத் தொட்டு உள்ளே வந்தவர் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவுகிறது. அதனால் அதைத் தேடல் இயந்திரத்துக்கு எழுதாமல், அம்மாவுக்காகத் தேடும் அந்த மகனுக்கு எழுத வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர் வரிசையை அசைக்கிறது என்று தெரிந்ததும் ‘… கிளினிக் சர்க்கரை டாக்டர் கொழிஞ்சாம்பாறை’ என்று நீட்டத் தோன்றும். வாசலில் உள்ள பலகையில் என்ன பெயரோ அதுதான் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் யாராவது புகார் செய்த நாளில் ப்ரொஃபைலே முடக்கப்படலாம், மீட்கப் பல வாரம் அலைய நேரிடும். 2018ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனச் சட்டத்தின்படி பதிவு செய்த சான்றிதழ் கையில் இருக்குமே, அதிலும் பலகையிலும் கூகுளிலும் ஒரே பெயர் இருந்தால் மீட்கும்போது வாதாட வசதியாக இருக்கும்.

முதன்மை வகை ஒன்றுதான். கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். ஒரே எம்.பி.பி.எஸ். டாக்டர் பார்க்கும் கிளினிக்குக்கு `Medical clinic` அல்லது `General practitioner` பொருந்தும். குழந்தைகளும் வருகிறார்கள் என்பதற்காக `Pediatrician` சேர்க்கக் கூடாது. அந்தப் படிப்பு படித்தவர் அங்கே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏமாந்த தாய்க்கு அது வெறும் வகைத் தவறாகத் தெரியாது.

இப்போது எழுதிப் பார்ப்போம். தமிழில் எழுதும்போது 750 என்பது தோன்றுவதைவிடச் சின்னது. கணினி உயிர்மெய்யில் வரும் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். ‘கொழிஞ்சாம்பாறை’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, பெட்டிக்கு அது பதினான்கு. அதோடு பெட்டி ஒன்றுதான், மொழி இரண்டு. பாதி தமிழுக்கு, பாதி மலையாளத்துக்கு என்று பிரித்துக்கொள்வதுதான் இந்த ஊர்களுக்குச் சரி என்பது என் முடிவு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைப்பது அழகாகத் தெரியலாம், ஆனால் அறுபது வயதுக்காரர் அதைப் படிப்பதில்லை. கற்பனையாக ஒரு கிளினிக்கை வைத்துக்கொண்டால் தமிழ்ப் பாதி இப்படி வரும்:

“பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி ரோட்டில் உள்ள பொது மருத்துவக் கிளினிக். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தைகளின் சாதாரண உபாதைகள், சிறு காயங்கள் பார்க்கப்படும். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். டோக்கன் நேரில் மட்டும். ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கிறோம். எக்ஸ்ரே, ஸ்கேன், படுக்கை வசதி இல்லை. இரவு அவசரத்துக்கு 108ஐ அழையுங்கள்.”

இது 750இல் ஏறக்குறைய பாதி. முதல் வரியிலேயே மாவட்டமும் ஊரும் ரோடும் வந்துவிட்டன, ஏனென்றால் போன் திரையில் முதலில் கண்ணில் படுவது அதுதான், ஊர்ப் பெயர்க் குழப்பமும் அங்கேயே தீர வேண்டும். ‘சிறந்த’, ‘நம்பர் ஒன்’, ‘முழுமையாகக் குணமாகும்’ போன்ற சொற்கள் இல்லை. அவை படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. மேலும் சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றுக்கு மருந்து உண்டு, குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. இணைய முகவரி, சலுகை, விலை விளம்பரம் ஆகியவற்றைக் குறிப்பில் போடக் கூடாது என்பது கூகுளின் விதி. போன் நம்பருக்குத் தனி இடம் இருக்கிறது.

என்ன இல்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சில டாக்டர்கள் தயங்குவார்கள். ஆனால் கெட்ட ரிவ்யூவில் பெரும்பகுதி வைத்தியத்தைப் பற்றி இருக்காது. ‘அவ்வளவு தூரம் போனோம், எக்ஸ்ரே இல்லையாம்’, ‘போன் பண்ணி டோக்கன் கேட்டா கிடையாதுன்னுட்டாங்க’, ‘மத்தியானம் போனா பூட்டியிருக்கு’. இந்த மூன்றையும் குறிப்பும் நேரமும் சரியாக இருந்தால் தவிர்த்திருக்கலாம்.

நேரத்தைப் பற்றியும் அதே வேகத்தில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கிளினிக்குகள் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை பார்ப்பவை. கூகுளில் 9 முதல் 8 வரை என்று ஒரே நீளமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரே நாளுக்கு இரண்டு நேரப் பகுதிகளைப் போட வசதி இருக்கிறது. காலை 9 முதல் 1, மாலை 4.30 முதல் 8 என்று பிரித்துப் போட வேண்டும். திறந்திருக்கிறதா என்பதையும் கூகுள் வரிசைக்குக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அதற்காக இருபத்துநான்கு மணி நேரம் என்று போடுவது, இரவு பத்து மணிக்கு மூச்சுத்திணறும் ஒருவரைப் பூட்டிய கதவுக்கு அனுப்புவதாகும். ஓணம், விஷு, தீபாவளி விடுமுறைகளைச் சிறப்பு நேரத்தில் குறிக்க வேண்டும். தைப்பொங்கலுக்குக் கேரளத்தின் ஆறு எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு, பாலக்காடு அவற்றில் ஒன்று. கூகுள் அதை நினைவுபடுத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம், நாமே போட்டுவிடுவது நல்லது.

அப்புறம் ரிவ்யூ. மற்றக் கடைகளுக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே கிளினிக்குக்குச் சொல்லக் கூடாது. ஹோட்டல்காரர் ‘நல்லா இருந்துச்சுன்னா ஒரு ரிவ்யூ போடுங்கண்ணா’ என்று கேட்பது வேறு, டாக்டர் கேட்பது வேறு. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் அலோபதி டாக்டர்களைக் கட்டுப்படுத்துகின்றன. நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ தன்பக்கம் இழுப்பதும், குணப்படுத்தியதைச் சொல்லிப் பெருமை பேசுவதும், அப்படிப்பட்டவை வெளிவர இடம் கொடுப்பதும் நெறிமீறல் என்று அவை சொல்கின்றன. கிளினிக் தொடங்கியது, முகவரி மாறியது, விடுப்பில் போனது, திரும்பி வந்தது போன்றவற்றை அறிவிக்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய விதிகளை வெளியிட்டது. சமூக ஊடகத்தில் நோயாளிகளின் பாராட்டையோ ரிவ்யூவையோ டாக்டர் கேட்கவும் பகிரவும் கூடாது என்று அதிலிருந்த வழிகாட்டுதல் நேராகவே சொன்னது. அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே திரும்ப வந்தன. நிறுத்திவைத்தது ஒரு அனுமதிச்சீட்டு ஆகிவிடாது. அதிகாரிகளின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

ஆகவே டாக்டர் அறைக்குள் ரிவ்யூ என்ற பேச்சே எழக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டாக்டர் கேட்டால் நோயாளியால் மறுக்க முடியாது. அடுத்த வாரம் திரும்ப வர வேண்டியவர் அவர். வெளியே, டோக்கன் கொடுக்கும் மேசைப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சின்னப் பலகை வைக்கலாம். ப்ரொஃபைலில் ரிவ்யூ கேட்கும் பகுதிக்குப் போனால் லிங்க்கும் கியூஆர் கோடும் கிடைக்கும். அதன் கீழே தமிழிலும் மலையாளத்திலும் இவ்வளவு போதும்: “இங்கே உங்களுக்கு நேர்ந்த அனுபவத்தை, நல்லதோ குறையோ, கூகுளில் எழுதலாம். உங்கள் நோய், மருந்து விவரங்களை எழுத வேண்டாம்.” இதையும் ஏற்காத டாக்டர்கள் உண்டு. பலகையே வைக்காமல் தானாக வரும் ரிவ்யூவோடு நிறுத்திக்கொண்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, வேகம்தான் குறையும்.

பலகையில் அந்த இரண்டாவது வாக்கியம் ஏன்? ரிவ்யூவில் உள்ள சொற்களைக் கூகுள் தேடலோடு பொருத்திப் பார்க்கிறது. ஒருவர் தேடிய சொல் ஒரு ரிவ்யூவில் இருந்தால், சில சமயம் அந்த வரியையே எடுத்துக் கிளினிக்கின் பெயருக்குக் கீழே காட்டும். ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லைவிட ‘வேலந்தாவளத்திலிருந்து வந்தோம், அரை மணி நேரம் காத்திருந்தோம், தமிழில் பொறுமையாக விளக்கினார்’ என்ற வரி தேடலுக்கும் படிப்பவருக்கும் உதவுகிறது. இது தெரிந்த சில விளம்பரக்காரர்கள், நோயின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள் என்று யோசனை கொடுப்பார்கள். கேட்கக் கூடாத யோசனை. ஐந்து நிமிடத்தில் ஊரே ஒருவரை ஒருவர் அறியும் இடத்தில், தன் பெயரோடும் படத்தோடும் ஒரு பெண் தன் சிகிச்சையைப் பொதுவில் எழுதிவைப்பது பின்னால் அவரைத்தான் குத்தும். தேடலில் ஒரு படி ஏறுவதற்கு அது கொடுக்கக் கூடாத விலை.

மேசையில் இருக்கும் பெண்ணிடம் இப்படியும் கேட்பார்கள்:

“இதுல என்னம்மா எழுதோணும்?”

“நீங்க பார்த்ததை எழுதுங்கண்ணா. இதைத்தான் எழுதோணும்னு நாங்க சொல்லக் கூடாதுங்க.”

இதற்கு மேல் அவர் சொல்லக் கூடாது. போனை வாங்கி அவரே நட்சத்திரத்தைத் தொட்டுக் கொடுப்பதும் கூடாது. கிளினிக்கில் ஒரு டேப்லெட்டை வைத்து எல்லோரையும் அதிலேயே எழுதச் செய்வதும் வேண்டாம். ஒரே கருவியிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வரிசையாக வரும் ரிவ்யூ போலியாகவே தெரியும். கன்சல்டேஷன் ஃபீஸில் தள்ளுபடி, இலவசச் சர்க்கரைச் சோதனை என்று எதையாவது கொடுத்து வாங்குவதைக் கூகுள் தடுத்திருக்கிறது. திருப்தியாகப் போகிறவர்களிடம் மட்டும் லிங்க்கைக் கொடுத்து, முகம் சுளித்தவர்களைத் தனியாகப் புகார் நோட்டுக்கு அனுப்புவதும் அதே விதியில் தடுக்கப்பட்டதுதான். இது பலருக்குத் தெரிவதில்லை. பலகை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஊழியர்களும் டாக்டரின் உறவினர்களும் எழுதுவது தன்னலம் கலந்த ரிவ்யூ, அதற்கும் இடமில்லை.

விலைக்கு வாங்கிய ரிவ்யூவைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பெரும்பாலும் தெரியும். கொழிஞ்சாம்பாறைக் கிளினிக்கைப் புகழ்ந்தவர் அதே வாரம் வடக்கே எங்கோ ஒரு கார் ஷெட்டையும் இன்னொரு மாநிலத்துப் பியூட்டி பார்லரையும் புகழ்ந்திருப்பார். மாதக்கணக்கில் ஒன்றும் வராத ப்ரொஃபைலில் ஒரே வாரத்தில் நாற்பது ஐந்து நட்சத்திரம் குவிந்தால் நமக்கே தெரியும், கூகுளுக்குத் தெரியாதா? அவை நீக்கப்படும். கொஞ்ச நாளுக்குப் புதிய ரிவ்யூ எதுவும் ஏறாதபடி நிறுத்தப்படலாம். போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கைகூடப் ப்ரொஃபைலிலேயே தோன்றலாம். ஒரு டாக்டருக்கு அந்த வரியைவிடக் கெட்ட விளம்பரம் எதுவும் இல்லை. பலகை வழியாக மாதத்துக்கு இரண்டு மூன்று என்று வந்தாலே சிற்றூர்க் கிளினிக்குக்குப் போதும். பக்கத்தில் போட்டியும் அதே அளவில்தான் இருக்கும், புதிதாக வந்துகொண்டே இருப்பதுதான் படிப்பவருக்கு நம்பிக்கை தரும்.

வந்த ரிவ்யூவுக்குப் பதில் எழுதும் இடத்தில்தான் நல்ல டாக்டர்களும் சறுக்குகிறார்கள். ஒரு ஒற்றை நட்சத்திர ரிவ்யூ வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஊசி போட்டும் காய்ச்சல் விடல, காசுதான் போச்சு.’ கோபத்தில் கை தானாக எழுதும்: ‘நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்தீர்கள், டெங்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னோம், எடுக்கவில்லை.’ ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இவர் நம் நோயாளி, இன்ன நாளில் வந்தார், இன்ன சோதனை சொல்லப்பட்டது என்று மூன்று விஷயங்களைப் பொதுவில் வைத்தாகிவிட்டது. நோயாளியைப் பற்றிச் சிகிச்சையில் அறிந்ததை வெளியிடக் கூடாது என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. அவரே முதலில் எழுதிவிட்டார் என்பது டாக்டருக்கு உரிமை கொடுத்துவிடாது. பதில் இப்படி இருக்கலாம்:

“எழுதியதற்கு நன்றி. எந்தத் தனிநபரின் சிகிச்சையைப் பற்றியும் இங்கே நாங்கள் பேசுவதில்லை. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, வாந்தி, மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு இருந்தாலோ யாரானாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கிளினிக் எண்ணில் மாலை 4.30க்கு மேல் எங்களிடம் பேசலாம்.”

அவர் வந்தார் என்றும் இதில் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. இந்தப் பதிலை எழுதியவர் படிக்காமல் போகலாம், பின்னால் வரும் பலர் படிப்பார்கள். பாராட்டுக்குப் பதில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ‘உங்கள் சர்க்கரை குறைந்ததில் மகிழ்ச்சி’ என்று எழுதுவது அன்பாகத் தோன்றினாலும் அதே மீறல்தான். கெட்ட ரிவ்யூவை நீக்கச் சொல்லிப் புகார் செய்யலாம், ஆனால் வசைச்சொல், சம்பந்தமில்லாத விஷயம், போட்டியாளர் எழுதியது போன்ற விதிமீறல் இருந்தால்தான் எடுபடும். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கூகுள் எடுக்காது.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க, கிளினிக்கில் உட்கார்ந்து தன் போனிலேயே தேடிப் பார்க்கிறார்கள். கிளினிக்குக்குள் நிற்பவருக்குக் கிளினிக் முதலில்தான் வரும், அதில் ஒன்றும் தெரியாது. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் இருக்கும் தெரிந்தவர்களை அவரவர் போனில் தமிழில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை தேடிப் பார்த்துத் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். ப்ரொஃபைலின் செயல்பாட்டுப் பக்கத்திலும் எந்தெந்தச் சொல்லைத் தேடியபோது கிளினிக் தோன்றியது, எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று மாதவாரியாக வரும். எண்ணிக்கை குறைவான சொற்களுக்குச் சரியான எண்ணைக் காட்டாது, ஆனால் சொல் தெரியும், நமக்கு வேண்டியதும் அதுதான். தோன்றியது கூடிப் போன் அழைப்பு கூடவில்லை என்றால் குறிப்பிலோ நேரத்திலோ படத்திலோ ஏதோ தடுக்கிறது என்று கொள்ளலாம். அங்கே குழந்தை டாக்டர் என்ற தேடல் அடிக்கடி தென்பட்டால், வகையைத் தொட வேண்டாம். குறிப்பில் குழந்தைகளைப் பற்றிய சொற்களை இரண்டாம் வாக்கியத்தின் முதலுக்குக் கொண்டுவந்து, ‘குழந்தை நல மருத்துவர் இல்லை, தேவைப்பட்டால் பாலக்காட்டுக்கு அனுப்புவோம்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். இரண்டு மொழியிலும் சேர்த்து 750க்குள் அடங்க, வேறு சில சொற்களைக் குறைக்க வேண்டியிருக்கும்.